20 ரூமுக்கு ஒன்று ஃப்ரீ என்றால் உங்களுக்கு எத்தனை?

கேள்வி: கோபியில் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். ஆடி மாதம் சிங்கப்பூரிலிருந்து கோயில் சுற்றுப்பயணத்துக்கு 32 பேர் வருகிறார்கள். கூட்டி வரும் அம்மா ஒருவர், என் பையன் ஒருவன், மொத்தம் 34. கோவையில் செவ்வாய், புதன், வியாழன் 3 இரவு. அவினாசி ரோடு ஹோட்டல் ஒன்றில் டபுள் 4,200, சிங்கிள் 3,800, காலை உணவு சேர்த்து, வரி தனி என்கிறார்கள். 20 ரூமுக்கு ஒன்று ஃப்ரீயாம். ரேட்டைக் குறைக்கக் கேட்பதா, ஃப்ரீயை அதிகம் கேட்பதா? சேல்ஸ் மேனேஜருக்கு மெயில் எப்படி எழுதுவது?

பதில்:

அவர்கள் சொன்னபடியே எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஃப்ரீ ஒன்றுமே இல்லை. 32 பேர் இரண்டிரண்டு பேராகத் தங்கினால் 16 ரூம்தான் ஆகிறது. 20 ரூமுக்கு ஒன்று என்பது 40 பேர் பணம் கட்டினால் ஒன்று என்றுதான் அர்த்தம். ஒரே பஸ்ஸில் வரும் குழு 20 ரூமைத் தொடுவது அபூர்வம், அதனால் இந்தச் சலுகையைத் தாராளமாக எழுதிக் கொடுப்பார்கள். மேனேஜர் ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களுடைய அச்சடித்த குரூப் ரேட் தாளில் அப்படித்தான் இருக்கும், கேட்காதவர்களுக்கு அதுவே போகும். நான் கோவையில் சில வருஷம் ஹோட்டல் சேல்ஸில் இருந்துவிட்டுத்தான் டிராவல்ஸ் பக்கம் வந்தேன். அந்தத் தாளை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

எனவே மெயிலில் முதலில் பிடிக்க வேண்டியது, ஃப்ரீ எதை வைத்து எண்ணப்படுகிறது என்பதை. ரூமை வைத்தா, ஆளை வைத்தா? நம் ஊர் ஹோட்டல்களில் பணம் கட்டும் 15 பேருக்கு ஓர் இடம் என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்படிக் கணக்கிட்டால் 32 பேருக்கு உங்களுக்கு இரண்டு இடம் வருகிறது.

அடுத்தது அந்த ‘இடம்’ என்ன என்பது. இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். சர்வதேசக் குழுக்களுக்கு ரேட் தரும் ஹோட்டல்களில் ஓர் இலவச இடம் என்றால் பெரும்பாலும் பாதி டபுள், அதாவது இருவர் தங்கும் ரூமில் ஒருவருக்கான பங்கு. 4,200 ரூபாய் ரூமில் அது 2,100. உங்களிடம் இருப்பவர்களோ ஓர் அம்மாவும் ஒரு பையனும். இருவரையும் ஒரே ரூமில் போட முடியாது. ஆளுக்கொரு சிங்கிள் எடுத்தால், ஹோட்டல் ஒவ்வொரு சிங்கிளிலும் 2,100-ஐக் கழித்துக்கொண்டு மீதி 1,700-ஐ பில்லில் போடும். இரண்டு ரூம், 3 இரவு, 10,200 ரூபாய். ‘இரண்டு இடம் ஃப்ரீ’ என்று சந்தோஷமாக இருந்தவருக்கு ஊருக்குக் கிளம்பும் காலையில் இந்தத் தொகை புதுச் செய்தியாக வரும். பாதி டபுளாக இரண்டு இடம் கிடைத்தால் மொத்தம் 12,600 ரூபாய் மிச்சம். அதையே இரண்டு சிங்கிள் ரூமாகக் கொடுத்தால் 22,800 மிச்சம். இரண்டுக்கும் வாயில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான். எனவே மெயிலில் ‘இலவச இடம்’ என்று எழுதாதீர்கள், ‘இலவச சிங்கிள் ரூம், காலை உணவோடு’ என்று எழுதுங்கள்.

சரி, ரேட்டா ஃப்ரீயா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை எதை வைத்து எடை போடுகிறார்கள் என்று தெரிந்தால் இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். சேல்ஸ் மேனேஜரிடம் மாதாமாதம் கேட்கப்படுவது, எத்தனை ரூம் விற்றாய், சராசரி என்ன ரேட்டுக்கு விற்றாய் என்பதுதான். சராசரி ரேட் என்பது ரூம் வருமானத்தை விற்ற ரூம்களால் வகுப்பது. இலவசமாகக் கொடுத்த ரூம் வழக்கமாக அந்தக் கணக்கில் ‘விற்ற ரூம்’ ஆகச் சேராது. ஆகவே 16 ரூமை 4,200-க்கு விற்று ஒரு ரூமை இலவசமாகக் கொடுத்தால் அவருடைய தாளில் சராசரி 4,200 என்றே நிற்கும். 4,200-ஐ 3,900 ஆக்கினால் அது உடனே தெரியும், ஜெனரல் மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். அதோடு ஒரு முறை 3,900 என்று எழுத்தில் கொடுத்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் அங்கிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் ரேட்டில் 100 ரூபாய் குறைக்க மூக்கால் அழுகிறவர், ஒரு ரூமைச் சும்மா கொடுக்க உடனே தலையாட்டுகிறார். ஆடி வார இறுதி என்றால் அந்த ரூம் எப்படியும் காலியாகத்தான் கிடக்கப் போகிறது, அவருக்கு ஆகும் செலவு துணி துவைப்பதும் ஒரு காலை உணவும்தான்.

அப்படியானால் ஃப்ரீயையே அதிகம் கேட்டுவிடலாமே என்று தோன்றும். குழு கடைசி வரை 32 ஆகவே இருந்தால் அது சரி. வயதானவர்கள் வரும் கோயில் குழுவில் கடைசி நேரத்தில் இரண்டு, மூன்று ஜோடி நின்றுவிடுவது சகஜம். உங்கள் கணக்கையே வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி: டபுள் 4,200, 15 பேருக்கு ஒரு சிங்கிள் ரூம் இலவசம். இரண்டாம் வழி: டபுள் 3,900, சிங்கிள் 3,500, இலவசம் எதுவும் இல்லை. 32 பேர் வந்தால் முதல் வழியில் ஓர் இரவுக்கு 67,200 ரூபாய், இரண்டாம் வழியில் 69,400. முதல் வழியே 2,200 ரூபாய் லாபம். அதே குழு 28 ஆகச் சுருங்கினால் என்ன ஆகிறது? 30-க்குக் கீழே போனதால் இரண்டாவது இலவச ரூம் போய்விடுகிறது. முதல் வழியில் 14 டபுளுக்கு 58,800, அதோடு காசு கொடுக்க வேண்டிய ஒரு சிங்கிள் 3,800, ஆக 62,600. இரண்டாம் வழியில் 54,600-உம் 7,000-உம் சேர்ந்து 61,600. இப்போது இரண்டாம் வழி 1,000 ரூபாய் மலிவு.

ரேட்டில் குறைத்தது ஆள் குறைந்தாலும் உங்களோடு கூடவே இருக்கும். இலவச ரூம் படிக்கட்டு போல, ஒரு படி இறங்கினால் மொத்தமாக ஓர் அடி கீழே. இதில் இன்னொரு விஷயம் உண்டு. எத்தனை பேருக்கு புக் செய்தீர்கள் என்பதை ஹோட்டல் பார்க்காது, எத்தனை பேர் பணம் கட்டித் தங்கினார்கள் என்பதை வைத்துத்தான் கடைசியில் கணக்குப் போடும். புக்கிங் மெயிலில் இரண்டு இலவசம் என்று இருந்தாலும் பில்லில் ஒன்றாக மாறிவிடும்.

அதனால் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். ரேட்டில் கொஞ்சம் கேளுங்கள், இலவச ரூமின் படியைக் கீழே இறக்கக் கேளுங்கள். ‘30 பேர் என்றால் 2 ரூம்’ என்பதோடு நிறுத்தாமல் ‘24 வரை குறைந்தாலும் ஒரு ரூம் மாறாது’ என்று சேர்த்துவிட வேண்டும். இந்த இரண்டாவது வரிதான் உங்களைக் காப்பாற்றும். மேனேஜருக்கும் அதில் பெரிய நஷ்டம் இல்லை, 24 பேர் என்றாலும் 12 ரூம் விற்கிறதே.

மெயில் எழுத உட்காரும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் நாட்கள் செவ்வாய், புதன், வியாழன். கோவையின் அவினாசி ரோடு ஹோட்டல்கள் வியாபாரத்துக்கு வருகிறவர்களை நம்பி ஓடுபவை. பம்ப்செட், மில் மெஷின், பனியன் என்று வருகிற ஆட்கள் திங்கள் ராத்திரி முதல் வியாழன் வரை ரூமை நிரப்பிவிடுவார்கள். வெள்ளி மதியத்திலிருந்து ஹோட்டல் காலியாகத் தொடங்கும். மற்ற மாதங்களில் அந்தச் சனி, ஞாயிறைக் கல்யாணக் கூட்டம் நிரப்பும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆகவே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை வார இறுதி ரூம்கள் மேனேஜருக்குத் தலைவலி. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளுக்கு மாற்ற முடியுமா என்று சிங்கப்பூர் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். முடியும் என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் மெயிலின் பலம் இரட்டிப்பாகும். ஒரே எச்சரிக்கை: ஜூலையில் கொடிசியாவில் வேளாண் கண்காட்சி நடப்பதுண்டு. அந்த நாட்களோடு மோதினால் ஆடியாவது ஒன்றாவது, ரேட் பேசவே முடியாது. தேதியை முன்பே பார்த்துவிடுங்கள். ஆடி 18-ஐ ஒட்டி வருகிறார்கள் என்றால் பவானி கூடுதுறையிலும் பேரூரிலும் கூட்டம் நெரியும், பஸ் நிறுத்துவது பெரும்பாடு. அது ஹோட்டல் விவகாரம் இல்லை, உங்களுக்கே தெரிந்ததுதான்.

மேனேஜருக்கு நீங்கள் கொடுக்க என்ன இருக்கிறது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். நாளை மாற்றிக் கொடுப்பது ஒன்று. இரவு உணவு இன்னொன்று. மூன்று இரவில் இரண்டு இரவு ஹோட்டலிலேயே சைவ பஃபே சாப்பிடுகிறோம் என்றால், தலைக்கு 450 வைத்தாலும் 32 பேருக்கு இரண்டு இரவில் 28,800 ரூபாய் அவருக்கு உறுதியாக வருகிறது. ரூம் ரேட்டில் விட்டுக்கொடுத்ததை ஜெனரல் மேனேஜரிடம் நியாயப்படுத்த அவருக்கு இது கையில் கிடைக்கும் ஆயுதம். மூன்றாவது இரவை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு தூரம் வந்தவர்களுக்குக் கொங்கு வீட்டுச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியுமா? மூன்றாவது, அட்வான்ஸ். எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று நீங்களே முன்வந்து எழுதிவிட்டால், சும்மா விலை விசாரிக்கும் ஆள் இல்லை என்று புரிந்துகொள்வார்.

முதலில் போனில் ஒரு முறை பேசிவிட்டு அன்றைக்கே மெயில் அனுப்புங்கள். போனில் ரேட் பேச வேண்டாம். நாள், ஆள் எண்ணிக்கை, இரவு உணவு, இவ்வளவு மட்டும் சொல்லி, “மெயில் போடறனுங்க மேடம், பார்த்துட்டு சொல்லுங்க” என்று விட்டுவிடுங்கள். போனில் எண் சொன்னால் அவர் அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்ல வேண்டி வரும், சொன்னதிலிருந்து இறங்கவும் மாட்டார். மெயிலில் வந்தால் மேலே காட்டிக் கேட்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

மெயில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் வரிசையை மாற்ற வேண்டாம். நாட்கள் வருகிற இடத்தில் தேதிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

> பொருள்: சிங்கப்பூர் கோயில் குழு, 32 பேர், வெள்ளி முதல் திங்கள் வரை 3 இரவு – ரேட், இலவச ரூம்
>
> மேடம், வணக்கம்.
>
> காலையில் போனில் பேசிய குழுவைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் முதலில் ரேட் கொடுத்தது செவ்வாய், புதன், வியாழன் இரவுகளுக்கு. குழுவிடம் பேசி வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளுக்கு மாற்றியிருக்கிறோம். திங்கள் காலை கிளம்புகிறோம்.
>
> பணம் கட்டுவோர் 32 பேர், 16 ரூம். இதில் 11 ரூம் தம்பதிகளுக்கு, பெரிய கட்டில் போதும். 5 ரூமில் தனித்தனிக் கட்டில் கட்டாயம் வேண்டும். இவர்களோடு குழுத் தலைவி ஒருவர், எங்கள் டூர் மேனேஜர் ஒருவர், ஆளுக்கொரு சிங்கிள் ரூம். டிரைவர், கிளீனர் இருவருக்குப் படுக்கை.
>
> கேட்டுக்கொள்வது:
>
> டபுள் ரூம் ஓர் இரவுக்கு 3,900 ரூபாய், காலை உணவு சேர்த்து, வரி தனி.
>
> இலவச ரூமை ரூம் கணக்கில் இல்லாமல் ஆள் கணக்கில் வைக்கவும். 30 பேரும் அதற்கு மேலும் பணம் கட்டினால் 2 சிங்கிள் ரூம் இலவசம். 24 முதல் 29 வரை என்றால் 1 சிங்கிள் ரூம் இலவசம், மற்றொரு சிங்கிளுக்குப் பணியாளர் ரேட். இலவச ரூமில் காலை உணவும் சேரும். குழு சாப்பிடும் இரவுகளில் அந்த இருவருக்கும் இரவு உணவும் சேரும்.
>
> டிரைவர், கிளீனர் இருவருக்கும் தங்குமிடமும் காலை உணவும் கட்டணமில்லாமல். பஸ்ஸுக்குப் பார்க்கிங்.
>
> வந்திறங்கும் நாளில் காலை 9 மணிக்கு 4 ரூம் மட்டும், முகம் கழுவி உடை மாற்ற. மீதி ரூம்கள் வழக்கமான செக்-இன் நேரத்துக்கு.
>
> எங்கள் பக்கம்:
>
> வெள்ளி, சனி இரண்டு இரவும் 32 பேருக்கும் உங்கள் ரெஸ்டாரண்டில் சைவ பஃபே, தலைக்கு 450 ரூபாய், வரி தனி.
>
> உறுதி செய்த 3 நாளில் 25 சதவீதம் அட்வான்ஸ். பெயர்ப் பட்டியலும் பாஸ்போர்ட் நகல்களும் 14 நாள் முன்பு. அந்த நாள் வரை ரூம் குறைத்தால் கட்டணம் இல்லை, அதன் பிறகு 7 நாள் முன்பு வரை 2 ரூம் குறைக்க இடம் வேண்டும். மீதிப் பணம் வந்து சேரும் அன்று.
>
> வரும் வெள்ளிக்குள் சிங்கப்பூருக்கு விலை சொல்ல வேண்டியிருக்கிறது. வியாழன் மாலைக்குள் உங்கள் பதில் கிடைத்தால் இந்த ஹோட்டலையே போட்டு அனுப்பிவிடுவேன். அதுவரை 18 ரூமையும் எங்கள் பெயரில் நிறுத்தி வைக்கவும்.
>
> நன்றி.

இதில் சில வரிகளுக்குக் காரணம் சொல்கிறேன். தனித்தனிக் கட்டில் உள்ள ரூமை எண்ணிச் சொன்னது சும்மா இல்லை. இந்த மாதிரி ஹோட்டல்களில் பெரும்பாலான ரூமில் ஒரே பெரிய கட்டில்தான் இருக்கும், இரண்டு கட்டில் ரூம் எண்ணிக்கையில் குறைவு. சொல்லாமல் விட்டால், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களாக வந்த இரண்டு ஆண்களைக் கல்யாண ஜோடி ரூமில் விடுவார்கள். ரிசப்ஷனில் சண்டை போட்டால் எக்ஸ்ட்ரா பெட் போட்டு அதற்குப் பில்லும் போடுவார்கள்.

பாஸ்போர்ட் நகல் என்று எழுதியது ஹோட்டலுக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்த. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் அரசுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். முன்பே கொடுத்துவிட்டால் வந்த அன்று 33 பேரும் லாபியில் நின்று படிவம் நிரப்பும் கூத்து இருக்காது.

வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. சில ஹோட்டல்கள் அனுப்பும் ஒப்பந்தப் படிவத்தில் பழைய 12 அப்படியே கிடக்கும், கண்ணில் பட்டால் மாற்றச் சொல்லுங்கள். ரெஸ்டாரண்டுக்கான வரி 5 சதவீதமா 18 சதவீதமா என்பது பெரும்பாலும் முந்தைய நிதியாண்டில் அந்த ஹோட்டலில் எந்த ரூமின் வாடகையாவது 7,500-ஐத் தாண்டியதா என்பதைப் பொறுத்தது. அதை இரவு உணவு ரேட்டோடு சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போட்டி ஹோட்டல் பெயரைச் சொல்லி அங்கே இவ்வளவு மலிவு என்று எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். கோவை சேல்ஸ் ஆட்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் அறிவார்கள். நீங்கள் மெயில் அனுப்பிய அரை மணி நேரத்தில் எதிர் ஹோட்டலுக்குப் போன் போட்டு உண்மை ரேட் என்ன என்று கேட்டுவிடுவார்கள். பொய் என்று தெரிந்தால் அடுத்த குழுவுக்கும் சேர்த்து மரியாதை போய்விடும்.

இனிப் பதில் எப்படி வரும்? நான் பார்த்த வரையில் இப்படி ஒரு மெயிலுக்கு நேர் சம்மதமும் வராது, நேர் மறுப்பும் வராது. அநேகமாக 4,000 என்று நடுவில் வந்து நிற்பார்கள். ஒரு சிங்கிள் இலவசம் என்பார்கள், இரண்டாவது முடியாது என்பார்கள். 24 பேர் படியை ஒத்துக்கொள்வார்கள். நாலு ரூம் முன்கூட்டிக் கொடுப்பது ‘அன்றைய நிலைமையைப் பொறுத்து’ என்று வரும். இரண்டாவது சிங்கிளுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் பையனுக்குப் பணியாளர் ரேட் 1,500 ரூபாய், காலை உணவோடு என்று கேளுங்கள். இலவசம் என்றால் ஜெனரல் மேனேஜர் கையெழுத்து வேண்டும், கைடு ரேட், டிரைவர் ரேட் போன்றவற்றை மேனேஜரே போட்டுக்கொள்ளும் ஹோட்டல்கள் நிறைய உண்டு.

அப்படி முடிந்தால் கணக்கு இது. முதலில் அவர்கள் சொன்னபடி 16 டபுளும் 2 சிங்கிளும் ஓர் இரவுக்கு 74,800, மூன்று இரவுக்கு 2,24,400 ரூபாய். பேசி முடித்தபின் 16 டபுளுக்கு 64,000, குழுத் தலைவிக்கு இலவசம், பையனுக்கு 1,500, ஓர் இரவுக்கு 65,500, மூன்று இரவுக்கு 1,96,500. வரிக்கு முன் 27,900 ரூபாய் இறங்கியிருக்கிறது, பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் சுமார் 870. குழு 28 ஆகக் குறைந்தாலும் ஓர் இரவுக்கு 57,500தான், மேலே சொன்ன இரண்டு வழிகளையும் விட இது மலிவு. 24 வரை அந்த அம்மாவின் ரூம் அசையாது.

அந்த அம்மாவிடம் மட்டும் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். சிங்கப்பூரில் குழு சேர்ப்பவர்கள், 15 பேருக்கு ஒருவர் இலவசம் என்று உங்களிடமே கேட்பார்கள். அங்கே இலவசம் என்பது பஸ், சாப்பாடு, கோயில் கட்டணம், ரூம் எல்லாம் சேர்த்து. ஹோட்டல் உங்களுக்குக் கொடுப்பது ரூமும் சாப்பாட்டில் ஒரு பகுதியும் மட்டும். மீதியை 32 பேர் விலையில் பரப்பி வைக்காமல் ‘இரண்டு பேர் இலவசம்’ என்று வாக்குக் கொடுத்தால் அது உங்கள் லாபத்திலிருந்து போகும். ஹோட்டலின் எழுத்துப் பதில் வந்த பிறகு அவருக்கு எண்ணைச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பதில் வந்ததும் இரண்டாவது மெயில் ஒன்று எழுதுங்கள், நாலு வரி போதும். ஒத்துக்கொண்டதை மட்டும் வரிசையாகத் திருப்பி எழுதி, ‘இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன், சரி என்று ஒரு வரி எழுதி, புக்கிங்குக்கான கன்ஃபர்மேஷன் எண்ணையும் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அன்றைய நிலைமையைப் பொறுத்து என்று விட்ட நாலு ரூமைப் பற்றி, குழு வருவதற்கு முந்தைய நாளான வியாழன் மதியம் ஒரு முறை போன் செய்து கேட்டுக்கொள்வதாக அதிலேயே எழுதுங்கள். வியாழன் இரவு தங்கியவர்கள் எத்தனை பேர் காலி செய்கிறார்கள் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

அப்புறம், இந்த இரண்டாவது மெயிலை அச்செடுத்து உங்கள் பையன் கையில் கொடுத்து அனுப்புங்கள். சேல்ஸ் மேனேஜர் வேறு வேலைக்கு மாறிப் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். நீங்கள் வந்து நிற்கும் சனி, ஞாயிறில் அவர் லீவிலும் இருப்பார். ரிசப்ஷனில் இருப்பவருக்குக் கம்ப்யூட்டரில் தெரிவது 18 ரூம், 4,000 ரூபாய் என்பது மட்டும். எந்த ரூம் இலவசம், யாருக்கு 1,500, டிரைவர் சாப்பாடு உண்டா என்பதெல்லாம் குறிப்புப் பகுதியில் யாராவது ஏற்றியிருந்தால்தான் உண்டு.

கடைசி இரவு, அதாவது ஞாயிறு ராத்திரி சாப்பாடு முடிந்து வந்ததும், பையனை ரிசப்ஷனுக்குப் போய் பில்லின் நகலைக் கேட்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது மூன்று: குழுத் தலைவி ரூமில் பூஜ்யம் என்று விழுந்திருக்கிறதா, பையன் ரூமில் மூன்று இரவும் 1,500தானா, இரவு உணவு இரண்டு நாளுக்கும் 32 தலைதானா அல்லது 34 ஆகிவிட்டதா. மினி பார், லாண்டரி எல்லாம் அந்தந்த ரூம்காரர் கணக்கில் தனியாக இருக்க வேண்டும், குழு பில்லில் ஏறக்கூடாது. ஞாயிறு இரவே சொன்னால் நைட் ஆடிட்டர் திருத்திவிடுவார். திங்கள் காலை 7 மணிக்கு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தால், “சேல்ஸ் மேடம் 10 மணிக்குத்தான் வருவாங்க சார்” என்பார்கள், நீங்களும் பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.